கசண்ட்ராவில் நோட் கூட்டுவது: சில வருடப் பாவனைக்குப் பிறகு

பொதி விநியோகம் செய்யும் ஒரு கொம்பனியின் மென்பொருளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அலுவலகம் பம்பலப்பிட்டியில், சேர்வர்கள் சிங்கப்பூரில் வாடகைக்கு. புறக்கோட்டைக் கடைகளில் ஏறி யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, பதுளை என்று போகிற ஒவ்வொரு பொதியின் ஸ்கானும், ஓட்டுநரின் போன் அனுப்பும் இடக்குறியும் கசண்ட்ரா 4.0 தரவுத்தளத்தில் விழுகின்றன. அது தரவைப் பல நோட்களில், அதாவது தனித்தனிச் சேர்வர்களில், பங்கிட்டு வைக்கும். சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய சில வாரங்களில் இந்த எழுத்து வேகம் எகிறிவிடும். சில வருடங்கள் பாவித்த பின் என் அபிப்பிராயம் இது: கசண்ட்ரா நல்ல சாமான், விழுந்து எழும்பும், எழுத்துக்கு வேகமானது. ஆனால் “தேவைப்பட்டால் ஒரு நோட் கூட்டினால் சரி” என்ற பேச்சை மட்டும் நம்பி யாரும் இறங்க வேண்டாம்.

வெப் சேர்வர் பக்கம் சொல்ல அதிகம் இல்லை. புதிய சேர்வர் ஒன்றை எழுப்பினால், லோட் பலன்சர் அதைத் தட்டிப் பார்க்கும். பதில் வந்தால் கோரிக்கைகளை அனுப்பத் தொடங்கும். அந்தச் சேர்வருக்கு முன்கதை எதுவும் தெரியத் தேவையில்லை. லொகின் விபரம் வேறிடத்தில், படங்கள் வேறிடத்தில். இரண்டொரு நிமிடத்தில் முழு வேலையையும் செய்யும். செத்துப்போனாலும் பரவாயில்லை, இன்னொன்று எழும்பும்.

தரவுத்தள நோட் அப்படி வெறுங்கையோடு வேலைக்கு வர முடியாது. எங்கள் முதல் விரிவாக்கத்தையே எடுத்துக்கொள்வோம். மூன்று நோட்கள், ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பிரதிகள். ஆகவே ஒவ்வொரு நோட்டிலும் முழுத் தரவும் இருந்தது, ஆளுக்குச் சுமார் 600 ஜிபி, 1 டிபி டிஸ்க்கில். நான்காவது வந்தால் ஒவ்வொன்றும் முக்கால்வாசியைச் சுமந்தால் போதும், அதாவது 450 ஜிபி. கணக்கு வடிவாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 450 ஜிபியும் புது நோட்டுக்குப் பழைய மூன்றிலிருந்துதான் வர வேண்டும், ஒவ்வொன்றிலிருந்தும் 150 வீதம்.

சிக்கல் இங்கேதான். பழைய நோட்கள் திணறுகின்றன என்பதால்தானே புதிதாக ஒன்றைக் கூட்டுகிறோம்? அந்தத் திணறும் நோட்களே இப்போது டிஸ்க்கைப் படித்து, நெட்வேர்க்கில் அனுப்பி, கூடவே வாடிக்கையாளருக்கும் பதில் சொல்ல வேண்டும். புத்தாண்டுச் சனம் கடைக்குள் நெரியும்போது, கல்லாவில் நிற்கும் பையன்களையே கூப்பிட்டுப் புதுக் கிளைக்குச் சரக்கு ஏற்றச் சொல்வது மாதிரி. வெப் சேர்வரைக் கூட்டினால் அந்த நிமிடமே சுமை இறங்கும். தரவுத்தளத்தில் சுமை முதலில் ஏறும், பிறகுதான் இறங்கும்.

ஏறும் அளவைக் கட்டுப்படுத்த ஒரு கடிவாளம் இருக்கிறது. 4.0 இல் ஒரு நோட் வெளியே அனுப்பும் வேகம் இயல்பாக நொடிக்கு 200 மெகாபிட், அதாவது 25 எம்பி. மூன்று நோட்டும் அந்த வேகத்தில் அனுப்பினால் 450 ஜிபி ஒன்றரை மணித்தியாலம் கடந்து கொஞ்ச நேரத்தில் முடிய வேண்டும். அந்த வேகத்தில் விட்டபோது எங்கள் வாசிப்புகளில் மெதுவானவை இன்னும் மெதுவாகின. பொதி எங்கே என்று தேடும் பக்கம் இழுத்தது. பழைய நோட்களில் கீழுள்ளதைக் கொடுத்துக் குறைத்தோம்:

```
nodetool setstreamthroughput 80
```

இது நொடிக்கு 10 எம்பி. வாசிப்பு பழைய நிலைக்கு வந்தது, ஆனால் கணக்குப்படி நான்கு மணித்தியாலத்துக்கு மேல் போகும். நடைமுறையில் அதையும் தாண்டும், ஏனென்றால் வந்து சேரும் கோப்புகளைப் புது நோட் ஒன்றாக்கி அடுக்கவும் வேண்டும். அந்த வரிசை எவ்வளவு நீளம் என்று `nodetool compactionstats` காட்டும். எவ்வளவு வந்து சேர்ந்தது என்று `nodetool netstats` காட்டும்.

இந்த மணித்தியாலங்களில் நடக்கும் இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. சேர்ந்துகொண்டிருக்கும் நோட்டை `nodetool status` இல் `UJ` என்று பார்க்கலாம். அதற்கு வாசிப்பு போகாது, ஆனால் அது பொறுப்பேற்கப் போகும் பகுதிகளுக்கான எழுத்துகள் போகும். இல்லாவிட்டால் இடையில் வந்த பதிவுகளை அது தவறவிடும். மூன்று பிரதியில் இரண்டு பேர் “எழுதிவிட்டேன்” என்றால் போதும் என்பது `QUORUM` விதி. புது நோட் சேரும்போது அந்தப் பகுதிகளுக்கு இரண்டு மூன்றாகிறது. சேரும் நோட்டுக்காக ஒரு பதில் கூடுதலாகத் தேவை. அதே நேரம் பழைய நோட் ஒன்று விழுந்துவிட்டால், மிச்சம் இரண்டும் புதியதும் சேர்ந்தே அந்த மூன்றைக் கொடுக்க வேண்டும். புதியது மூச்சுவாங்கினால் எழுத்தும் சேர்ந்து மூச்சுவாங்கும். நோட் கூட்டும் இரவில் வேறு எந்தப் பராமரிப்பையும் தொட வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, வேகமாக முடிந்துவிட்டால் சந்தோஷப்படலாமா? இல்லை, அப்போதுதான் பயப்பட வேண்டும். சோதனைக் கிளஸ்டரில் எங்கள் தம்பி ஒருவர் நோட் கூட்டிப் பழகிக்கொண்டிருந்தார். “அண்ணா, ஒரு நிமிஷத்திலேயே `UN` ஆகிட்டுது, நீங்கள் என்ன மணிக்கணக்கில் சொல்றீங்க?” என்றார். `UN` என்றால் சேர்ந்து முடிந்து வேலைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். “Load எவ்வளவு என்று பாருங்கோ” என்றேன். டிஸ்க்கில் இருந்த தரவு சில நூறு கேபிதான். கிளஸ்டரைக் கண்டுபிடிக்க ஒரு நோட் முதலில் தொடர்புகொள்ளும் முகவரிகள் `seeds` பட்டியலில் இருக்கும். புது நோட்டின் சொந்த முகவரியும் அதில் இருந்தது. தன்னை ஸீட் என்று நினைக்கும் நோட் யாரிடமும் தரவு கேட்காது. பொறுப்பை மட்டும் வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு வாசிப்புக்குப் பதில் சொல்லத் தொடங்கிவிடும். `ONE` இல், அதாவது ஒரே ஒரு பிரதியின் பதிலை நம்பி, வாசிக்கும் செயலிக்கு இருக்கும் பொதி இல்லையென்று வரும். `QUORUM` இல் வாசித்தால், தரவு வைத்திருக்கும் இன்னொரு பிரதி பெரும்பாலும் காப்பாற்றிவிடும். அதனாலேயே கோளாறு சில நாட்கள் வெளியே தெரியாமல் கிடக்கலாம். எந்த எரரும் வராது. `Load` எண்தான் சாட்சி.

ஒழுங்காகச் சேர்ந்த பிறகும் வேலை பாதிதான். எங்கள் நோட் `UN` ஆன பின் நிலை இது:

```
--  Address    Load        Tokens  Owns (effective)
UN  10.0.1.11  604.31 GiB  16      74.1%
UN  10.0.1.12  598.77 GiB  16      76.3%
UN  10.0.1.13  601.90 GiB  16      75.4%
UN  10.0.1.14  447.60 GiB  16      74.2%
```

மேல் மூன்று வரிகளைப் பாருங்கள். சொந்தம் முக்கால்வாசி, டிஸ்க்கில் கிடப்பது பழைய முழுவதும். கொடுத்துவிட்ட பகுதியைக் கசண்ட்ரா தானாக அழிக்காது. ஒவ்வொரு பழைய நோட்டிலும் `nodetool cleanup` ஓட்ட வேண்டும். அது தன் பொறுப்பில் இல்லாத பதிவுகளை விட்டுவிட்டுக் கோப்புகளைத் திரும்ப எழுதுகிறது. ஆகவே இடம் காலியாவதற்கு முன் கொஞ்சம் இடம் தேவை. பெரிய கோப்பு ஒன்று 300 ஜிபி என்றால், அதை மறுபடி எழுத ஏறக்குறைய அவ்வளவு வெற்றிடம் இருக்க வேண்டும். டிஸ்க் 90 வீதம் நிறைந்த பிறகு நோட் கூட்ட ஓடுபவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். சேர்ப்பது வெற்றி, ஆனால் பழைய நோட்டில் ஒரு ஜிபிகூடக் குறையாது. சிலர் `cleanup` முடிந்தும் இடம் வரவில்லையே என்று தலையைப் பிய்ப்பார்கள். முன்பு எடுத்து வைத்த நகல்களான ஸ்நாப்ஷொட்கள் அதே கோப்புகளைப் பிடித்துக்கொண்டிருக்கும். அவை தேவையில்லையென்று உறுதியானால் `nodetool clearsnapshot --all`.

`cleanup` ஐ ஒரு நேரத்தில் ஒரு நோட்டில் மட்டும் செய்கிறோம், இதுவும் டிஸ்க்கைத் தின்னும் வேலை என்பதால். புது நோட் சேர்ந்து முடிந்த பிறகே அதைத் தொடங்குகிறோம்.

`cleanup` செய்யாமல் விட்டால் இடம் மட்டும்தானே வீண் என்று ஒருவர் கேட்டார். அவ்வளவோடு நின்றால் பரவாயில்லை. கசண்ட்ராவில் அழித்த பதிவுக்கு ஓர் அழிப்புக் குறி போடப்படும். அந்தக் குறியும் இயல்பாக 10 நாட்களுக்குப் பிறகு நீக்கப்படலாம். வாடிக்கையாளர் ஒருவர் தன் பழைய முகவரியை அழிக்கிறார். புதுப் பொறுப்பாளரான நோட்டில் அது அழிகிறது, குறியும் காலப்போக்கில் போய்விடுகிறது. பழைய நோட்டின் மூலையில் கிடக்கும் மிச்சப் பிரதிக்கு இந்த அழிப்பு போய்ச் சேரவே இல்லை. பிறகு செலவு கூடுதலென்று புது நோட்டைக் கழற்றினால் பொறுப்பு திரும்பப் பழைய நோட்டுக்கு வருகிறது, அந்த முகவரியும் உயிரோடு எழும்புகிறது. அடுத்த பொதி பழைய வீட்டுக்குப் போகும்.

பிற்பாடு ஆறு நோட்டுக்குப் போனோம். இரண்டையும் ஒரே நேரத்தில் எழுப்பினால் என்ன என்று எல்லோருக்கும் தோன்றும். இரண்டாவது இந்த வரியோடு நின்றுவிடும்:

```
Other bootstrapping/leaving/moving nodes detected,
cannot bootstrap while cassandra.consistent.rangemovement is true
```

அந்த அமைப்பை `false` ஆக்கினால் போகும் என்று சொல்பவர்களும் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரு பகுதியை எந்த நோட் இழக்கிறதோ அதனிடமிருந்தே புதியது பிரதி எடுக்க வேண்டும் என்பதே அந்த விதி. அப்படி எடுத்தால்தான் முன்பு இரண்டு பேர் உறுதிசெய்த எழுத்து, பின்பும் இரண்டு பேரிடம் இருக்கும். ஐந்தாவதைச் சேர்த்து முடித்து, ஆறாவதைச் சேர்த்தோம்; `cleanup` ஐ மட்டும் கடைசியில் ஒரே சுற்றாக வைத்துக்கொண்டோம். அது அனுமதிக்கப்பட்ட சிக்கனம்தான், டிஸ்க்கில் இடம் இருந்தால்.

இன்னொன்று. எங்கள் நோட்கள் எல்லாம் ஒரே ரக், அதாவது ஒரே சேர்வர் அடுக்கு, என்று பதிவானவை, அதனால் ஒன்று ஒன்றாகக் கூட்ட முடிந்தது. மூன்று ரக், மூன்று பிரதி என்று பிரித்து வைத்தவர்களுக்கு ஒவ்வொரு ரக்கிலும் ஒரு முழுப் பிரதி இருக்கும். ரக்குக்கு ஒரு நோட் இருக்கும்போது முதல் ரக்கில் மட்டும் ஒன்று கூட்டினால் அந்த ரக்கின் பழைய நோட்டுடைய சுமைதான் பாதியாகும், மற்ற இரண்டிலும் ஒன்றும் மாறாது. அவர்கள் மூன்று மூன்றாகத்தான் வாங்க வேண்டும். பட்ஜெட் போடும்போதே இது தெரிந்திருப்பது நல்லது.

இப்போது நாங்கள் டிஸ்க் பாதி நிறைந்ததும் அடுத்த நோட்டைப் பற்றிப் பேசத் தொடங்குகிறோம். தரவுத்தள வேலையைத் தைப்பொங்கல் கழிந்ததும் எடுத்து, மாசிக்குள் `cleanup` வரை முடிக்கிறோம். வெப் சேர்வர்களைப் பங்குனிக் கடைசியில் கூட்டினாலும் காணும். புத்தாண்டு முடிந்ததும் அவை பழைய எண்ணிக்கைக்கு இறங்கிவிடும், அதற்கு ஒருவரும் அலுவலகத்தில் விழித்திருப்பதில்லை. தரவுத்தள நோட்கள் ஆறும் வருடம் முழுக்க அப்படியே நிற்கின்றன. கணக்குப் பிரிவு அக்கா ஒவ்வொரு மே மாதமும் பில்லைப் பார்த்து, “மற்றதுகளைக் குறைச்ச மாதிரி இதையும் குறைக்க ஏலாதா?” என்று கேட்பார். `nodetool decommission` இருக்கிறது, குறைக்கலாம். ஆனால் கழற்றும் நோட்டும் தன் தரவை எல்லாம் மற்றவற்றுக்கு அனுப்பிவிட்டுத்தான் போகும், அடுத்த தைக்கு அவ்வளவையும் திரும்ப ஏற்ற வேண்டும். அதனால் இன்றுவரை வேண்டாம் என்றே சொல்லி வருகிறேன்.