கூடுதல் குளியலறையா, மாடி அறையா: எது போட்ட காசை எடுக்கும்?

இப்போதைய மாத வாடகையை 100 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு படுக்கையறை, ஒரே குளியலறை உள்ள வீடு. இன்னொரு குளியலறை கட்ட 400 செலவாகி, வாடகை 10 கூடினால் 40 மாதத்தில் முதல் திரும்பும். பழைய கழிவுக் குழாய்க்குப் பக்கத்திலேயே கட்டினால்தான் இந்தச் செலவு. தள்ளிப் போனால் தரையை உடைத்துச் சரிவு கொடுக்க வேண்டும், கணக்கு ஏறிவிடும். ஏற்கெனவே இரண்டு குளியலறை இருந்தால், மூன்றாவதற்கு யாரும் பெரிதாகக் கூட்டித் தர மாட்டார்கள்.

மாடி அறையைக் குடியிருக்கும்படி மாற்ற 900 செலவாகும் என்று வைத்துக்கொள்வோம். தனிப் படியும் கழிவறையும் இருந்து 35க்குத் தனியாக விட முடிந்தால், வருடத்தில் ஒரு மாதம் காலி, ஒரு மாத வாடகை பராமரிப்புக்கு என்று கழித்தாலும் 350 நிற்கும். சுமார் 31 மாதம் போதும். ஆனால் படி வீட்டுக்குள்ளேயே இருந்தால் அது வெறும் கூடுதல் அறைதான். வாடகை 12 கூடினால் 75 மாதம் ஆகும்.

அதனால் தனிப் படி இருந்தால் மாடி, இல்லையென்றால் குளியலறை என்பேன். மாடியைத் தொடும் முன் கூரையில் நீர்க்கசிவு, வெயில் சூடு, கட்டட அனுமதி மூன்றையும் பார்த்துவிடுங்கள். கோடையில் தங்க முடியாத அறைக்கு 35 கிடைக்காது.