மாதச் செலவுப் பணத்தை மாற்றித் தருகிறோம் என்பவர்களை நம்பாதீர்கள், 900 யூரோ போய்விட்டது

வெளிநாட்டில் படிக்க வந்து இப்போதுதான் வங்கிக் கணக்கு திறந்தவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். கோபம் அடங்காமல்தான் எழுதுகிறேன்.

பாஸ்போர்ட், சேர்க்கைக் கடிதம், முகவரிச் சான்று எல்லாம் கொடுத்து ஒருவழியாகக் கணக்கு கிடைத்தது. அதற்குள் வீட்டு வாடகை கட்டும் நாள் வந்துவிட்டது. ஊரிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் பணம் வந்துசேரச் சில நாட்கள் ஆகும், கட்டணமும் பிடிப்பார்கள். அப்போதுதான் மாணவர்களுக்குப் பணம் மாற்றித் தரும் ஒரு வாட்ஸ்அப் குழுவைக் காட்டினார்கள். அதை நடத்துகிறவர் ஃபோனில் தம்பி தம்பி என்று அவ்வளவு அன்பாகப் பேசினார். "அப்பாவை அங்கே எங்கள் கணக்கில் ரூபாயாகப் போடச் சொல்லுங்க, இங்கே ஒரு மணி நேரத்தில் யூரோ வந்துடும், கட்டணமே கிடையாது." சொன்னபடியே 900 யூரோ வந்தது. அப்பாவுக்கும் நிம்மதி.

ஆனால் அனுப்பியவர் பெயர் யாரோ முன்பின் தெரியாதவருடையது, குறிப்பில் 'சைக்கிள்' என்று இருந்தது. கேட்டதற்கு, "எங்கள் ஆள்தான் தம்பி" என்றார்.

அடுத்த வாரம் கார்டு வேலை செய்யவில்லை, கணக்கை முடக்கிவிட்டார்கள். நேரில் போனால் காரணம் சொல்ல முடியாது என்கிறார்கள். பிறகு போலீஸ் கடிதம் வந்த பின்தான் புரிந்தது. இந்தக் குழுக்காரர்கள் இணையத்தில் பழைய சைக்கிள் விற்பதாக யாரையோ ஏமாற்றி, அந்த ஆளை என் கணக்கில் பணம் போட வைத்திருக்கிறார்கள். அவர் புகார் கொடுத்ததும் அந்த 900 யூரோ அவருக்கே திரும்பிப் போய்விட்டது. அப்பா கட்டிய ரூபாய் இவர்கள் கையில். சைக்கிளும் கிடையாது, செலவுப் பணமும் கிடையாது, புகாரில் இருப்பது மட்டும் என் பெயர்!

குழுக்காரரைக் கேட்டால் முதலில் "சர்வர் பிரச்சினை", அப்புறம் "திங்கட்கிழமை பேசுகிறேன்", கடைசியில் "பணம் வந்ததா இல்லையா? அதோடு என் வேலை முடிந்தது, வங்கியில் கேளுங்க" என்றார். அதற்குப் பிறகு குழுவிலிருந்தே நீக்கிவிட்டார். 900 யூரோ, அப்பா கடன் வாங்கி அனுப்பிய பணம்.

விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரமாகச் சில மட்டும்: அனுப்பியவர் பெயர் உங்கள் பெற்றோருடையதாக இல்லையென்றால் அந்தப் பணத்தைத் தொடாதீர்கள், உடனே வங்கிக்குச் சொல்லுங்கள். "தவறி வந்துவிட்டது, இந்தக் கணக்குக்குத் திருப்பி அனுப்பு" என்று யாராவது கேட்டால் நீங்களாக அனுப்பாதீர்கள், வங்கியே திருப்பட்டும். தாமதமானாலும் பெற்றோர் கணக்கிலிருந்து நேராக உங்கள் கணக்குக்கே வரட்டும், அனுப்பிய ரசீதையும் குறிப்பு எண்ணையும் வாங்கி வையுங்கள். அப்பா பணம் கட்டிய ரசீதும் அந்தக் குழுக்காரரின் செய்திகளும் என்னிடம் இருக்கின்றன, நாளை போலீஸில் கொடுக்கிறேன்.