ஃப்ளெக்ஸியா, தனி மேசையா? சேலத்தில் நான் போட்ட எட்டு மணிக் கணக்கு

சேலம் ஃபேர்லாண்ட்ஸில், பலரும் பணம் கட்டி வந்து உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒரு கோ-ஒர்க்கிங் இடத்தில் ஆகஸ்ட் மாதம் சேர்ந்தேன். முதல் மூன்று மாதம் ஃப்ளெக்ஸி பிளான். நவம்பர் நடுவில் தனி மேசைக்கு மாறினேன். மாறிய வாரமே அந்த இடத்தை நடத்தும் அண்ணன் கேட்டார்: "ரெண்டு பிளான்லயும் உட்கார்ந்து பார்த்தவங்க நீங்கதாம்மா. எது யாருக்குன்னு படிச்ச உடனே புரியற மாதிரி இன்ஸ்டாகிராம் போட்டோவுக்குக் கீழ போட நாலு வரி எழுதிக் குடுங்க."

நாலு வரிதானே என்று உட்கார்ந்தேன். எழுதி முடிக்க நாலு நாள் ஆனது. எதை முதலில் சொல்வது என்பதில்தான் அத்தனை நாளும் போனது.

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் இடத்தில் ஃப்ளெக்ஸி மாதம் 4,500 ரூபாய். காலியாக இருக்கும் எந்த நாற்காலியிலும் உட்காரலாம். திங்கள் முதல் சனி வரை, காலை 9 முதல் இரவு 8 வரை. தனி மேசை 6,500. அந்த மேசை உங்களுக்கே. சாமான்களை வைத்துவிட்டுப் போகலாம், 24 மணி நேரமும் வரலாம். இரண்டுக்கும் மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. ஜிஎஸ்டி பதிவு வைத்திருப்பவர்கள் பில்லில் தங்கள் எண்ணைப் போடச் சொல்லி வாங்கினால் அந்த வரியை வரவாக எடுத்துக்கொள்ளலாம். எனக்குப் பதிவு இல்லை. அதனால் 5,310-ம் 7,670-ம்தான் என் கைக்காசு. வித்தியாசம் 2,360.

வைஃபை, டீ, குடிதண்ணீர், வண்டி நிறுத்தும் இடம் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான். தனி மேசைக்காரர்களுக்கு ஒரு லாக்கரும், மீட்டிங் ரூம் மாதம் நாலு மணி நேரமும் கூடுதல். எனக்கு மீட்டிங் ரூம் இதுவரை ஒரே ஒரு தடவைதான் தேவைப்பட்டது. இந்த வசதிகளைப் பார்த்து 2,360 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை என்றுதான் ஆகஸ்டில் ஃப்ளெக்ஸி எடுத்தேன். அன்றைக்கு அது சரியான முடிவும்கூட.

நான் நியூ ஜெர்சியில் இருக்கும் ஒரு நிறுவனத்துக்குக் கணக்கு எழுதுகிறேன். வாரத்தில் ஐந்து நாளும் அவர்களுடைய காலை 9 மணிக்கு ஆன்லைன் கால் இருக்கும், முக்கால் மணி நேரம். ஆகஸ்டில் அது நமக்கு மாலை 6:30. ஏழே காலுக்கு முடித்துவிட்டு, பையைக் கட்டிக்கொண்டு எட்டுக்குள் கிளம்பிவிடுவேன். ஆனால் அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிறார்கள். மார்ச் இரண்டாம் ஞாயிறு வரைக்கும் அப்படியே இருக்கும். அவர்களுடைய 9 மணி அவர்களுக்கு அதே 9 மணிதான். நமக்கு மட்டும் 6:30 என்பது 7:30 ஆகிவிடுகிறது. கால் முடிவது எட்டே கால்.

அதாவது கால் மணி நேரம் இடிக்கிறது. இந்தக் கால் மணி நேரத்தை நான் சேரும்போது யோசிக்கவே இல்லை.

 அந்தத் திங்கட்கிழமை எட்டுக்கு ஜன்னல் பக்க விளக்குகள் அணைந்தன. பேங்க் ஸ்டேட்மென்டில் ஒத்துவராத இரண்டு தொகைகளை நான் திரையில் காட்டிக்கொண்டிருந்தேன். அலுவலகப் பையன் சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தொந்தரவு செய்யக் கூடாது என்று தள்ளியே நின்றான். அவனும் வீட்டுக்குப் போக வேண்டும். லேப்டாப்பைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு மாடிப்படிக்கு வந்து, போன் ஹாட்ஸ்பாட்டில் போட்டு, படியில் உட்கார்ந்து மீதியைப் பேசி முடித்தேன். நடுவில் இரண்டு முறை குரல் அறுந்தது. அடுத்த பத்து நாளும் ஏதோ ஒரு வகையில் இப்படித்தான் போனது.

எட்டுக்கு மேல் இருக்க வேண்டுமென்றால் ஃப்ளெக்ஸியிலும் வழி உண்டு என்று பிறகுதான் தெரிந்தது. முன்கூட்டியே சொன்னால் மணிக்கு 100 ரூபாய், வரியோடு 118. சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்று ஒரு தாளை எடுத்தேன். வித்தியாசமான 2,360-ஐ 118-ஆல் வகுத்தால் சரியாக 20 வருகிறது. நாளுக்கு ஒரு மணி என்று வைத்தால், மாதத்தில் 20 நாளுக்குக் குறைவாக எட்டைத் தாண்டுகிறவர்களுக்கு ஃப்ளெக்ஸியோடு கூடுதல் மணி வாங்குவதே மலிவு. அதற்கு மேல் போனால் தனி மேசை மலிவு. வாரம் மூன்று நாள் மட்டும் கால் இருந்தால் 12 அல்லது 13 நாள்தான் வரும், ஃப்ளெக்ஸியே போதும். எனக்கு ஐந்து நாளும் கால். மாதம் 21, 22 நாள் வந்துவிடுகிறது. மயிரிழையில் தனி மேசை பக்கம் சாய்ந்தது. அங்கே வைத்துவிட்டு வரக்கூடிய இரண்டாவது மானிட்டரையும் சேர்த்துக்கொண்டால் மயிரிழை அகலமாகிவிட்டது. அம்மாபேட்டையிலிருந்து ஸ்கூட்டியில் தினமும் மானிட்டர் தூக்கிவர முடியாது.

தனி மேசையின் "24 மணி நேரம்" என்ற வார்த்தையையும் கொஞ்சம் கிண்டிப் பார்க்க வேண்டும். கதவு திறக்கும், நாற்காலி இருக்கும், வைஃபை ஓடும். மற்றதெல்லாம் ஓடும் என்று அர்த்தமில்லை. எங்கள் இடத்தில் பொது ஏசி ஒன்பதுக்கு நிற்கும். கரண்ட் போனால் யுபிஎஸ் விளக்குகளையும் வைஃபையையும் மட்டும்தான் தாங்கும். ஏசிக்கு ஜெனரேட்டர் வேண்டும், அதை இரவில் போட மாட்டார்கள். பெண்கள் இன்னும் நாலு விஷயம் கேட்டுக்கொள்வது நல்லது. எட்டுக்கு மேல் முன்மேசையில் யார் இருப்பார்கள்? மாடிப்படி விளக்கு எரியுமா? கீழ் ஷட்டரின் சாவி யாரிடம்? கழிவறை பூட்டாமல் இருக்குமா? நான் இவற்றை அண்ணனிடம் நேராகவே கேட்டேன். ஒன்பதரை வரை ஒரு ஆள் இருப்பார் என்றார். படியில் எரியாமல் கிடந்த விளக்கை இரண்டு நாளில் மாற்றியும் கொடுத்தார். நான் ஒன்பதுக்குள் கிளம்பிவிடுவதால் நள்ளிரவில் அந்த இடம் எப்படி இருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது.

பணத்தில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. தனி மேசைக்கு ஒரு மாத வாடகையை டெபாசிட்டாகக் கட்ட வேண்டும், விலகுவதற்கு 30 நாள் முன்னால் சொல்ல வேண்டும். ஃப்ளெக்ஸியில் அந்தக் கட்டு எதுவும் இல்லை. மார்ச்சில் அமெரிக்கக் கடிகாரம் மறுபடி முன்னால் நகர்ந்தால் என் கால் 6:30-க்கே வந்துவிடும். நியாயப்படி பார்த்தால் அப்போது ஃப்ளெக்ஸிக்குத் திரும்பலாம். ஆனால் ஏப்ரல் 15 அங்கே வரி தாக்கலுக்குக் கடைசி நாள், அதுவரை வேலை ஒன்பதைத் தொடும். ஆகவே ஏப்ரல் வரை நகர மாட்டேன். மே மாதம் அதே தாளை எடுத்து மறுபடி கணக்குப் போட வேண்டும்.

ஃப்ளெக்ஸியில் வேறு ஒரு சிக்கல் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்டை நிறுத்தும் நாள். வழக்கமாகக் காலை 9 மணிக்கே போய்விடும். எந்தப் பகுதிக்கு என்று முந்தின நாள் பேப்பரில் வரும். அம்மாபேட்டையிலோ அஸ்தம்பட்டியிலோ நிறுத்தினால், அங்கே வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்கள் பத்து மணிக்கெல்லாம் டே பாஸ் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஃப்ளெக்ஸி பணம் கட்டியது இடத்துக்குத்தான், நாற்காலிக்கு இல்லை. செப்டம்பரில் அப்படி ஒரு நாள் பகல் பன்னிரண்டுக்குப் போய், பிளக் பாயின்ட் இல்லாத ஓரத்து மேசைதான் கிடைத்தது. அத்தகைய நாளில் ஒன்பதரைக்குள் போய்விட்டால் பிரச்சனை இல்லை.

மற்ற வழிகளைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. டே பாஸ் 350 ரூபாய், மாதம் பத்து நாளுக்குக் குறைவாக வருகிறவர்களுக்குச் சரி. நாலு பேர் கேபினில் ஒரு தோழிக்காக இரண்டு நாள் உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான். ஏற்காட்டில் சித்தி வீட்டிலிருந்து மே மாதம் ஒரு வாரம் வேலை பார்த்தேன். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனதும் உடம்புக்கு இதமாக இருந்தது. சாயங்கால மழைக்கு இரண்டு நாள் கரண்ட் போனது, போனில் ஒரு கோடுதான் சிக்னல் நின்றது. தினமும் கால் இருக்கிறவர்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

இனி அந்த நாலு வரிக்கு வருகிறேன். முதலில் வசதிகளை ஒருபக்கம், பிளான்களை மறுபக்கம் வைத்து, நடுவில் இடைவெளி விட்டு அட்டவணை மாதிரி எழுதினேன். என் கணினியில் அழகாக நின்றது. அண்ணனுடைய போனில் வரிகள் மடங்கி, 6,500 ரூபாய் ஃப்ளெக்ஸிக்கு நேராகப் போய் நின்றது. இன்ஸ்டாகிராமில் போட்டோவுக்குக் கீழே எழுதுவதில் அட்டவணை மாதிரி பக்கம் பக்கமாக அடுக்க முடியாது, ஒவ்வொரு போனிலும் வரி வேறு இடத்தில் உடையும். தவிர, முதல் ஒன்றிரண்டு வரிதான் வெளியே தெரியும், மீதியைப் பார்க்க விரலால் தட்ட வேண்டும்.  அங்கே "வாருங்கள், இணையுங்கள்" என்று எழுதினால் சொல்ல வேண்டியது உள்ளே போய்விடும். அதனால் ஒரு பிளானுக்கு ஒரே வரி என்று வைத்து, நேரத்தை முன்னாலும் விலையை அதற்குப் பின்னாலும் போட்டேன். டீயும் வைஃபையும் எல்லாருக்கும் பொது என்பதால் கடைசியில் ஒரே தடவை சொன்னேன்.

"இரவு 8-க்கு மேலும் வேலை இருக்கிறதா? முதலில் நேரத்தைப் பாருங்கள்.

டே பாஸ்: காலை 9 – இரவு 8. ஒரு நாளுக்கு ரூ.350.

ஃப்ளெக்ஸி: திங்கள் – சனி, காலை 9 – இரவு 8. மாதம் ரூ.4,500. காலியான இருக்கை. 8-க்கு மேல் மணிக்கு ரூ.100, முன்கூட்டியே சொல்லவும்.

தனி மேசை: 24 மணி நேரம், எல்லா நாளும். மாதம் ரூ.6,500. லாக்கர், மீட்டிங் ரூம் 4 மணி நேரம். ஒரு மாத டெபாசிட்.

வைஃபை, டீ, பார்க்கிங் எல்லாருக்கும். ஜிஎஸ்டி 18% தனி."

போட்ட அன்று சாயங்காலமே ஒரு பெண் அண்ணனுக்கு மெசேஜ் அனுப்பியிருந்தார்: "ராத்திரி எட்டுக்கு மேல ஏசி இருக்குமா? யாராவது ஆள் இருப்பாங்களா?" அண்ணன் அதை எனக்குத் தள்ளிவிட்டார். தனி மேசை வரியைத் திருத்தி, "ஏசி இரவு 9 வரை, முன்மேசையில் ஆள் 9:30 வரை" என்று சேர்த்தேன்.