வெளிநாட்டு டாக்டர் டிகிரிக்குச் சென்னையிலேயே அப்போஸ்டில் என்று சொன்னால் ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள்

1,35,000 ரூபாய். இன்று காலை அந்த ஆபீஸில் "சார் ஊர்ல இல்ல, நாளைக்கு கால் பண்ணுங்க" என்று திரும்பவும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

என் தம்பி ரஷ்யாவில் ஆறு வருடம் மருத்துவம் படித்து, அங்கே டிப்ளமோ என்று சொல்லும் டிகிரிச் சான்றிதழோடு வந்தவன். வெளிநாட்டில் முடித்த பிள்ளைகளுக்கு 'எல்லா டாக்குமென்ட்டும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்' என்று போர்டு வைத்திருக்கும் ஒரு கன்சல்டன்சியில் பணம் கட்டினோம். பெயர் சொல்லவில்லை, இந்த மாதிரி ஆபீஸ் எல்லா ஊரிலும் இருக்கிறது. கணக்கு இதுதான்: டிகிரிக்கு அப்போஸ்டில், அதாவது காகிதத்தில் இருக்கும் கையெழுத்து அசல்தான் என்று வேறு நாட்டில் காட்ட அரசு தரும் சான்று, 65,000, ப்ரொவிஷனல் ரெஜிஸ்ட்ரேஷன் 30,000, இன்டர்ன்ஷிப் சீட்டுக்கு முன்பணம் 40,000. ரசீதில் மட்டும் 'சர்வீஸ் சார்ஜ்' என்று ஒரே வரி.

நம்ப வைத்தது ஒரு ஸ்டிக்கர். அந்த ஆபீஸ்காரர் முன்பு வந்தவர்களின் ஃபைல் ஒன்றைப் பிரித்து, பின்பக்கம் ஒட்டியிருந்த வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் ஸ்டிக்கரைக் காட்டினார். "பாருங்க தம்பி, சென்ட்ரல் கவர்மென்ட் முத்திரை. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். ஸ்டிக்கர் போலி இல்லை. அசல்தான். அதுதான் இந்த மோசடியின் சாமர்த்தியமே.

அப்போஸ்டிலை எந்த நாடு கொடுத்தாலும் பத்து எண்ணிட்ட வரிகள் இருக்கும். முதல் வரியில் நாட்டின் பெயர். இரண்டாவது வரியில் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டவர் யார் என்று இருக்கும். மூன்றாவது அவர் என்ன பதவி, நான்காவது யாருடைய முத்திரை. ஒரு நாட்டு அரசு தன் நாட்டில் கொடுக்கப்பட்ட காகிதத்தின் கையெழுத்துக்குத்தான் சாட்சி சொல்ல முடியும். ரஷ்யப் பல்கலைக்கழக ரெக்டரின் கையெழுத்து சரியா என்று டெல்லிக்கு எப்படித் தெரியும்? ஆகவே ரஷ்ய டிப்ளமோவுக்கு ரஷ்யாவில்தான் அப்போஸ்டில். இல்லையென்றால் அந்த நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தின் சான்றொப்பம். வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே டாக்டராகப் பதிய எழுத வேண்டிய எஃப்எம்ஜிஇ என்ற ஸ்க்ரீனிங் டெஸ்டுக்கு விண்ணப்பிக்கும்போது, அதை நடத்தும் தேர்வு வாரியம் கேட்பது இதைத்தான்.

இவர் செய்தது வேறு. டிப்ளமோவை ஜெராக்ஸ் எடுத்து, மொழிபெயர்ப்போடு சேர்த்து, இங்கே ஒரு நோட்டரியிடம் 'உண்மை நகல்' என்று கையெழுத்து வாங்கி, டெல்லியில் ஒரு அதிகாரியின் சான்றொப்பமும் வாங்கி, அதன் முதுகில் அமைச்சக ஸ்டிக்கர். முதல் வரியில் 'இந்தியா' என்று இருக்கிறது. ரெக்டர் பெயர் வரவேண்டிய இரண்டாவது வரியில் டெல்லி அதிகாரியின் பெயர். அந்த ஸ்டிக்கர் சாட்சி சொல்வது ஜெராக்ஸில் இருக்கும் நம்ம ஊர் கையெழுத்துக்கு, டிகிரிக்கு இல்லை. அமைச்சகம் இதற்கு வாங்கும் கட்டணம் 50 ரூபாய், ஏஜென்சி கூலி தனி. எங்களிடம் வாங்கியது 65,000.

அந்தக் காகிதத்தோடு தம்பி போட்ட டெஸ்ட் விண்ணப்பத்துக்குக் 'குறைபாடு' என்று பதில் வந்தது. குறிப்பிட்ட தேதிக்குள் சரியான காகிதத்தை ஏற்றாவிட்டால் தகுதியில்லை. ரஷ்யாவில் அப்போஸ்டில் வாங்க வாரக்கணக்கில் ஆகும், தேதியோ நெருங்கிவிட்டது. ஜூன், டிசம்பர் என்று வருடத்துக்கு இரண்டு முறைதான் தேர்வு. அரை வருடம் போயிற்று.

சரியான வழி என்னவென்றால், டிப்ளமோ அசலைப் பல்கலைக்கழகம் இருக்கும் பிராந்தியத்தின் கல்வித் துறையிடம் கொடுக்க வேண்டும். அங்கே போகும் நிலையில் இல்லையென்றால் அங்கே படிக்கும் ஜூனியர் ஒருவருக்குப் பவர் ஆஃப் அட்டர்னி. அந்தப் பவர் இந்தியாவில் எழுதியது, ஆகவே அதற்குத்தான் நம் அமைச்சகத்தின் ஸ்டிக்கர் வேண்டும். அதை ரஷ்ய மொழியில் மாற்றி அனுப்ப வேண்டும். இன்னொரு குழி: மொழிபெயர்ப்புக்கு ரஷ்ய நோட்டரி போடும் கையெழுத்துக்கு அங்கே நீதித் துறை தனியாக ஒரு அப்போஸ்டில் கொடுக்கும். அது மட்டும் இருந்தால் முதல் வரியில் 'ரஷ்யா' என்றே இருக்கும், ஆனால் இரண்டாவது வரியில் நோட்டரி பெயர். அதையும் டிகிரியின் அப்போஸ்டில் என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டாவது வரியைப் படியுங்கள்.

மிச்சம் 70,000-க்கு வருகிறேன். "கவுன்சில்ல நம்ம ஆளு இருக்காரு, டெஸ்ட் ரிசல்ட் வர்றதுக்குள்ள ப்ரொவிஷனல் வாங்கிடலாம்" என்றார். பொய். 300 கேள்விக்கு 150 எடுத்து, தேர்வு வாரியத்தின் பாஸ் சர்ட்டிஃபிகேட் கையில் வந்த பிறகுதான் மாநில மருத்துவக் கவுன்சில் ப்ரொவிஷனல் கொடுக்கும். டெஸ்ட் பாஸ் ஆகாமலே பதிவு வாங்கியதாக 73 பேர் மீதும் 14 மாநிலக் கவுன்சில்கள் மீதும் 2022 டிசம்பரில் சிபிஐ வழக்குப் போட்டது. இவர் விற்கிற சரக்கு அதுதான்! மாட்டினால் கம்பி எண்ணப்போவது பிள்ளை.

ப்ரொவிஷனல் என்பது இன்டர்ன்ஷிப் செய்வதற்கு மட்டும். அது கிடைக்கும் முன் ஆஸ்பத்திரியில் எத்தனை மாதம் நின்றாலும் கணக்கில் வராது. இங்கே பன்னிரண்டு மாதம் முடித்து வாங்கும் சான்றிதழைக் காட்டினால்தான் நிரந்தரப் பதிவு. 2021 நவம்பர் 18-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு அந்த நாட்டிலும், படித்த அதே கல்லூரியில், பன்னிரண்டு மாத இன்டர்ன்ஷிப் வேண்டும். ஆக இரண்டு சான்றிதழ், ஒன்று இன்னொன்றுக்கு ஈடாகாது. இந்த ஆபீஸ் ஒன்றைக் காட்டியே இன்னொன்றையும் முடித்துவிடலாம் என்றது. சீட்டுக்கு 40,000? வெளிநாட்டில் படித்தவர்களிடம் இன்டர்ன்ஷிப்புக்குக் கல்லூரிகள் எந்தக் கட்டணமும் வாங்கக் கூடாது, உதவித்தொகை கொடுக்க வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 மார்ச் 4-இல் சுற்றறிக்கையே விட்டிருக்கிறது.

பணத்தைக் கேட்டால்? முதலில் "தேர்வு வாரியத்துல புது ஸ்டாஃப், அவங்களுக்குத் தெரியல." அப்புறம் "சர்வர் பிரச்சினை." அப்புறம் "நாங்க அப்போஸ்டில் வாங்கித் தரோம்னுதான் சொன்னோம், எந்த நாட்டு அப்போஸ்டில்னு சொன்னோமா?" இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். வாட்ஸப்பில் நீலக் குறி விழுகிறது, பதில் இல்லை. 1,35,000 ரூபாய்.

டிப்ளமோ வாங்கிய கையோடு அந்த நாட்டிலேயே அப்போஸ்டிலை முடித்துவிட்டு விமானம் ஏறுங்கள். அசலை எந்த ஏஜென்டிடமும் விடாதீர்கள். பாஸ்போர்ட் புதுப்பித்திருந்தால் பழையதைத் தொலைக்காதீர்கள், போய்வந்த முத்திரைகளைக் கவுன்சில் பார்க்கும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியலும் டிகிரியில் அப்பா பெயர் முழுசாகவும் இருந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்ற பிரமாணப் பத்திரத்தை இப்போதே எழுதி வையுங்கள். ரசீதில் என்ன வேலை, எந்த நாட்டு அப்போஸ்டில், எந்தத் தேதிக்குள் என்று எழுதித் தராதவரிடம் பணம் நீட்டாதீர்கள். ஜிபே அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட், வாட்ஸப் பேச்சு எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். நாளை போலீஸ் கம்ப்ளெயின்ட்.