ஆறு ஆண்டுகள் மின்னணு மருந்துச்சீட்டுடன்: குழந்தைகளுக்கான டோஸ் எச்சரிக்கைகள் குறித்து ஒரு மருந்தாளுநரின் அனுபவம்

குழந்தைகள் பிரிவின் மருந்தகத்தில் மின்னணு மருந்துச்சீட்டு முறையை ஆறு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். குழந்தையின் எடையைக் கொண்டு கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்று அது தானே கணக்கிடுகிறது. அளவு வரம்பைத் தாண்டினால் திரையில் எச்சரிக்கிறது. கையெழுத்துச் சீட்டைப் படிக்கத் திணறிய காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரும் நிம்மதிதான். ஆனால் எச்சரிக்கை வந்த சீட்டுகளைவிட, எச்சரிக்கையே வராத சீட்டுகள்தான் என்னை அதிகம் கலங்க வைத்திருக்கின்றன.

இரண்டு வயதுக் குழந்தை ஒன்றுக்குப் பாராசிட்டமால் 390 மி.கி., நாளுக்கு நான்கு வேளை என்று ஒரு சீட்டு வந்தது. பதிவில் எடை 26 கிலோ என்றிருந்ததால், கிலோவுக்கு 15 மி.கி. என்ற கணக்கு அப்படியே பொருந்தியது. திரையில் எந்தச் சிவப்பும் இல்லை. 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப்பை அளக்கும்போது 16 மி.லி.யைத் தாண்டுகிறதே என்று கை நின்றது. இரண்டு வயதில் 26 கிலோ இருக்க வாய்ப்பில்லை; அது ஏறக்குறைய எட்டு வயதுப் பிள்ளையின் எடை. செவிலியரிடம் மீண்டும் எடை பார்க்கச் சொன்னேன். 12 கிலோ என்று வந்தது. எடைக் கருவி பவுண்டுக்கு மாறியிருந்ததை யாரும் கவனிக்காமல், அதில் தெரிந்த எண்ணைக் கிலோவாகப் பதிந்துவிட்டார்கள். உண்மையில் தர வேண்டியது 180 மி.கி., அதாவது 7.5 மி.லி. எழுதியபடி கொடுத்திருந்தால் நாளுக்குக் கிலோவுக்கு 130 மி.கி. போயிருக்கும், 60 மி.கி.யைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் வரம்பு. வரம்பைச் சோதிக்கும் கணக்கிலும் அதே தவறான எடைதான் வகுக்கும் எண்ணாக நிற்கிறது என்பதால், எடை தவறினால் எச்சரிக்கையும் சேர்ந்தே ஊமையாகிவிடுகிறது. அன்றிலிருந்து டோஸைப் பார்ப்பதற்கு முன் வயதையும் எடையையும், எடை எடுத்த தேதியையும் பார்த்துவிடுகிறேன்.

இதற்கு நேர்மாறானது செஃப்ட்ரியாக்சோன் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து. மூளையுறை அழற்சியில் நாளுக்குக் கிலோவுக்கு 100 மி.கி. தருவது வழக்கம், ஆனால் எங்கள் மென்பொருளின் அட்டவணையில் பொதுத் தொற்றுக்கான வரம்பே இருப்பதால் ஒவ்வொரு முறையும் எச்சரிக்கை எழும். இதைக் கடந்து செல்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் நோய் என்ன என்பது சீட்டிலோ நோயாளியின் குறிப்பிலோ இருக்க வேண்டும், நாளின் மொத்த அளவு 4 கிராமைத் தாண்டக் கூடாது, நான் எழுதும் காரணத்தில் நோயும் கணக்கும் இடம்பெற வேண்டும். "மருத்துவர் அறிவார்" என்று காரணம் எழுதுவதை நான் நிறுத்திவிட்டேன், ஏனென்றால் அடுத்த பணிமுறையில் வருபவருக்கு அதிலிருந்து எதுவும் விளங்காது. நான் கடப்பது எச்சரிக்கையை மட்டுமே. டோஸை மாற்றுவது எழுதியவர் வேலை. நோய் எதுவென்று தெரியாவிட்டால் மருந்தைக் கட்டி அனுப்புவதற்கு முன் அழைத்துக் கேட்பேன். விளக்கம் சரியாகப் படாதபோதும் எழுதியவர் வலியுறுத்தினால், மருந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மூத்த மருத்துவரிடம் கேட்டு, அந்த உரையாடலைப் பதிவு செய்கிறேன்.

கேள்வி கேட்டதனாலேயே ஆபத்து நேர்ந்த நிகழ்வும் உண்டு. 2013-இல் அமெரிக்கப் பல்கலைக்கழக மருத்துவமனை ஒன்றில், 38.6 கிலோ எடையுள்ள பதினாறு வயதுச் சிறுவனுக்கு எழுதிய கோ-ட்ரைமாக்சசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை ஒரு மாத்திரைக்கு ஏற்ப 160 மி.கி. என்று மாற்றி எழுதும்படி மருந்தாளுநர் முறைப்படி கேட்டார். மருத்துவர் 160 என்று தட்டச்சு செய்தபோது, அலகு "மி.கி./கி.கி." என்றே நின்றது, மொத்தம் 38½ மாத்திரையாகிவிட்டது. மருத்துவருக்கும் மருந்தாளுநருக்கும் எச்சரிக்கை வந்தது, இருவரும் கடந்தார்கள். சிறுவன் அத்தனையையும் விழுங்கி, வலிப்பு வந்து பிழைத்தான். நாம் கேட்டு வாங்கிய திருத்தம் என்றால் கண் மேலோட்டமாகவே பார்க்கும். அதனால் என் சொல்லில் மாற்றப்பட்ட சீட்டையும் புதிதாக வந்ததைப் போலவே அலகோடு வாசித்து, எத்தனை மாத்திரை, எத்தனை மி.லி. என்று ஆக்கிப் பார்க்கிறேன்.

எங்கள் மென்பொருளில் வயதுக்குப் பொருந்தாத எடைக்கு எச்சரிக்கை தரும் வசதி இரண்டு ஆண்டுகளுக்கு முன் சேர்க்கப்பட்டது. பவுண்டுக் குழப்பம் இப்போது பெரும்பாலும் எங்களிடம் வருமுன்னரே நின்றுவிடுகிறது. ஆனால் எடை எடுத்த தேதி இன்னும் தனிப் பக்கத்தில்தான் இருக்கிறது. மருந்து சரிபார்க்கும் திரையிலிருந்து மூன்று சொடுக்குகள் தள்ளி.