இலவசச் சோதனைக்குத் தனி மின்னஞ்சலா, கூட்டல் குறி முகவரியா?

பிரிக்பீல்ட்ஸில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் 14 நாள் இலவசச் சோதனைக்கு ஒரு வடிவமைப்புச் செயலியில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 3ஆம் தேதி சேர்ந்தால் 17ஆம் தேதி வாக்கில் வங்கி அட்டையில் ரிங்கிட் கழியும். முன்னறிவிப்பு எந்தப் பெட்டிக்கு வர வேண்டும்?

ஜிமெயிலில் புதுக் கணக்கே தேவையில்லை. `yourname+trial@gmail.com` என்று கொடுத்தால் கடிதம் `yourname@gmail.com` பெட்டிக்கே வரும். அந்த முகவரிக்கு ஒரு வடிகட்டி போட்டு, தனி லேபிளில் சேர்த்துவிடலாம். ஆனால் சில தளங்கள் கூட்டல் குறியை ஏற்காது. உங்கள் உண்மையான முகவரியும் அதில் அப்படியே தெரியும்.

தனிக் கணக்கில் இந்தக் குறைகள் இல்லை. தேடினால் சோதனைக் கடிதங்கள் மட்டும்தான் கிடைக்கும். ரத்து செய்ததற்கான உறுதிக் கடிதமும் அங்கேயே இருக்கும். பின்னால் பணம் பிடித்தால் அதுதான் சான்று. ஆபத்து என்னவென்றால், அந்தப் பெட்டியை யாரும் திறப்பதில்லை. அமைப்புகளில் தானியங்கி முன்னனுப்பலைப் போட்டாலும் ஸ்பேமில் விழுந்தவை வராது. இரண்டு வருடம் பயன்படுத்தாத கணக்கை கூகுள் நீக்கவும் கூடும்.

பிளே ஸ்டோர் வழியாகச் சேர்ந்தால் ரசீது அந்தக் கூகுள் கணக்குக்கே போகும்; ரத்தும் அங்கேதான். செயலியை அழித்தால் சந்தா நிற்காது.

மாதத்துக்கு ஒன்றிரண்டு சோதனை என்றால் கூட்டல் குறியே போதும் என்பேன். அதற்கு மேல் போனால் தனிக் கணக்கு. எதுவானாலும், சேர்ந்த அன்றே கைப்பேசி நாட்காட்டியில் 15ஆம் தேதிக்கு நினைவூட்டல் வையுங்கள்; எல்லா நிறுவனமும் முன்னறிவிப்பு அனுப்புவதில்லை.