நோய் விடுப்பில் இருக்கும்போது பேப்பர் போடுவது: மூன்று வழிகள், ஒரே கணக்கு

கோவையில் ஒரு தொழிற்சாலையின் சம்பளக் கணக்குப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். நீண்ட நோய் விடுப்பிலேயே வேலையை விட்டவர்களின் செட்டில்மென்ட் கோப்புகள் நிறைய என் மேசைக்கு வந்திருக்கின்றன. அவற்றில் பணம் இழந்தவர்களில் பெரும்பாலோர் விதியை மீறியவர்கள் அல்லர். ராஜினாமாவில் தவறான தேதியைப் போட்டவர்கள். அதனால்தான் இந்த ஒப்பீட்டை ஒரே ஒருவருடைய கணக்கை வைத்து எழுதுகிறேன்.

அவர் வேறொரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்த என் நண்பர். 2019 ஜனவரி 7 அன்று சேர்ந்தார். மாதச் சம்பளம் 48,000, அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 26,000. 2025 மார்ச்சில் முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை. ஏப்ரல் கடைசியோடு இருந்த விடுப்பெல்லாம் தீர்ந்து, மே முதல் சம்பளமில்லா விடுப்பு. கம்பெனியில் வாங்கிய கடனில் 80,000 பாக்கி. நோட்டீஸ் காலம் 60 நாள். மே இரண்டாம் வாரம் போன் செய்தார்: "அண்ணா, இனி நாற்காலியில ஒரு மணி நேரம் உட்கார முடியாது. இன்னிக்கே பேப்பர் போட்டுடறேன், இந்த மன உளைச்சல் தீரட்டும்."

போடட்டும். ஆனால் எந்தத் தேதியில் விடுவிக்கச் சொல்லிப் போடுவது? அவர் முன் மூன்று வழிகள் இருந்தன. மே 12 அன்றே உடனடியாக விடுவிக்கச் சொல்வது முதல் வழி. அன்றே கடிதம் கொடுத்துவிட்டு, 60 நாள் நோட்டீஸையும் விடுப்பிலேயே கழித்து ஜூலை 10 அன்று விலகுவது இரண்டாவது. ராஜினாமாவே செய்யாமல் விடுப்பை நீட்டிக்கொண்டே போய், உடம்பு எப்படி இருக்கிறதோ அதைப் பார்த்து முடிவு செய்வது மூன்றாவது.

முதலில் பணிக்கொடை என்கிற கிராஜுவிட்டி. கடைசியாக வாங்கிய அடிப்படை, பஞ்சப்படித் தொகையை 26 ஆல் வகுத்து 15 ஆல் பெருக்கினால் ஓர் ஆண்டுக்கான தொகை வரும். நண்பருக்கு அது சரியாக 15,000. சேவை ஆண்டுகளைக் கணக்கிடும்போது ஆறு மாதத்துக்கு மேல் மீதி இருந்தால் அது முழு ஆண்டாகிவிடும், ஆறு மாதமோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் விழுந்துவிடும். மே 12 அன்று அவருக்கு ஆறு ஆண்டு, நான்கு மாதம், சில நாள். எனவே ஆறு ஆண்டுதான், 90,000. ஜூலை 6 அன்று ஆறரை ஆண்டு நிறைகிறது. ஜூலை 10 அன்று விலகினால் நான்கு நாள் தாண்டிவிடுவதால் ஏழு ஆண்டுக்கான 1,05,000 கிடைக்கும்.

இங்கே பலரும் கேட்கும் கேள்வி, சம்பளமே வராத விடுப்பு நாட்கள் சேவையில் சேருமா என்பது. சேரும். நோய், விபத்து, அனுமதிக்கப்பட்ட விடுப்பு ஆகியவற்றால் வேலை தடைபட்டாலும் அதைத் தொடர்ச்சியான சேவையாகவே 1972 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் எடுத்துக்கொண்டது. அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. அந்த விடுப்பு அனுமதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். மருத்துவச் சான்றிதழ் அங்கேதான் வேலை செய்கிறது.

அடுத்தது நோட்டீஸ். உடனடியாகப் போகிறேன் என்றால் 60 நாளுக்கான தொகையைப் பிடிக்க நிறுவனத்துக்கு நியமனக் கடிதத்தில் இடமிருக்கும். சில இடங்களில் மொத்தச் சம்பளத்தின் மேல் பிடிப்பார்கள், சில இடங்களில் அடிப்படையின் மேல். நண்பருடைய கடிதம் அடிப்படை, பஞ்சப்படி என்றது. ஆக 52,000. மூன்று வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இப்படி:

| வழி | பணிக்கொடை | நோட்டீஸ் பிடித்தம் | கடன் பாக்கி |
|---|---|---|---|
| உடனே விலகல், தள்ளுபடி இல்லை | 90,000 | 52,000 | 80,000 |
| உடனே விலகல், நோட்டீஸ் தள்ளுபடி | 90,000 | இல்லை | 80,000 |
| நோட்டீஸை விடுப்பில் கழித்தல் | 1,05,000 | இல்லை | 80,000 |
| விடுப்பை நீட்டித்தல் | 1,05,000 (ஜூலை 6க்குப் பின்) | விலகும்போது மீண்டும் எழும் | 80,000, தவணை நின்றபடி |

முதல் வரிக்கும் மூன்றாவது வரிக்கும் 67,000 வித்தியாசம். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு அது சின்னத் தொகை இல்லை. உடனடி விலகல் சரியாக வரும் இடமும் உண்டு: நோட்டீஸைத் தள்ளுபடி செய்ததாக மின்னஞ்சலிலாவது எழுத்தில் கிடைத்து, ஆறு மாத எல்லையும் பக்கத்தில் இல்லாதபோது. மேலாளர் போனில் "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்று சொன்னதை நம்பி விலகியவர்களின் கணக்கில் முழுப் பிடித்தம் விழுந்ததை நானே பார்த்திருக்கிறேன். செட்டில்மென்ட் போடுபவர் முன்னால் இருப்பது கோப்பு மட்டும்தான்.

இரண்டாவது வழியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. நோட்டீஸ் காலத்தில் விடுப்பு கிடையாது, எடுத்தால் அத்தனை நாளுக்கு நோட்டீஸ் நீளும் என்று பல நிறுவனங்களின் விதியில் இருக்கும். அதனால் கடிதத்திலேயே அதைக் கேட்டுவிட வேண்டும். நண்பர் எழுதிய வரிகள் இவை: "உடல்நலக் காரணத்தால் 10.07.2025 மாலையோடு பணியிலிருந்து விலக விரும்புகிறேன். மருத்துவச் சான்றிதழ் இணைத்துள்ளேன். இன்று முதல் அந்தத் தேதி வரையிலான மருத்துவ விடுப்பை அனுமதித்து, அதையே நோட்டீஸ் காலமாக ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." ஐந்து நாளில் ஒப்புதல் வந்தது. வந்திராவிட்டால், ராஜினாமா ஏற்கப்படும் முன்பே அதைத் திரும்பப் பெற்று வேறு வழி பார்க்க அவகாசம் இருந்தது. உடனடி விலகலில் அந்த அவகாசமே கிடையாது.

அப்படியும் ஓரிடத்தில் சிக்கியது. முதல் மருத்துவச் சான்றிதழ் ஏப்ரல் 30 வரை ஓய்வு என்றது. அடுத்தது மே 6 முதல். இடையில் ஐந்து நாள் ஓட்டை. மனிதவளப் பிரிவு அந்த ஐந்து நாளையும் தகவல் சொல்லாமல் வராத நாட்களாகக் குறித்துவிட்டது. நிலையாணைகள் என்னும் பணி விதிகள் பொருந்தும் தொழிற்சாலைகளில் இது விபரீதமாகவும் போகலாம்; விடுப்பு முடிந்து எட்டு நாளுக்குள் திரும்பி வந்து காரணம் சொல்லாதவர் பணியின் மேலுள்ள உரிமையை இழப்பார் என்று மத்திய மாதிரி நிலையாணை சொல்கிறது. நண்பர் டாக்டரிடம் முன்தேதியிட்டுக் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. மே 2 அன்று புறநோயாளியாகக் காட்டிய சீட்டு அவரிடம் இருந்தது. அதை வைத்து, சிகிச்சை இடைவிடாமல் நடந்தது, அந்த நாட்களிலும் ஓய்வு தேவைப்பட்டது என்று டாக்டர், எழுதிய நாளின் தேதியையே போட்டு ஒரு கடிதம் கொடுத்தார். பதிவு எண்ணும் முத்திரையும் இருந்தன. ஐந்து நாளும் விடுப்பாக மாறின.

சான்றிதழில் என்ன எழுதச் சொல்வது என்பதும் வழிக்கு வழி மாறும். விடுப்புக்கு "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை ஓய்வு தேவை" போதும். ஐந்தாண்டு நிறையாமல் விலகுபவருக்கு அது போதாது. நோயால் ஏற்பட்ட இயலாமை காரணமாக விலகினால் ஐந்தாண்டு நிபந்தனை இல்லாமலே பணிக்கொடை உண்டு. அந்த இயலாமைக்குச் சட்டம் தரும் பொருள், நோய்க்கு முன் செய்ய முடிந்த வேலையை இப்போது செய்ய முடியாத நிலை. எல்லா வேலைக்கும் தகுதியற்றவர் என்று எழுத வேண்டியதே இல்லை. "நீண்ட நேரம் நின்றோ அமர்ந்தோ செய்யும் தற்போதைய பணிக்குத் தகுதியில்லை" என்று டாக்டர் உண்மையாக எழுதினால் அதுவே இந்தப் பொருளுக்குள் வரும். அடுத்த வேலைக்கும் கதவு மூடாது. ஐந்தாண்டுக்குள் எடுக்கும் வருங்கால வைப்பு நிதிக்கு வரி வரும் என்றாலும், உடல்நலக் குறைவால் வேலை முடிந்தவருக்கு விலக்கு இருக்கிறது. இதையெல்லாம் அறியாமல் கூச்சப்பட்டு "சொந்தக் காரணம்" என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனது கேட்காது. அந்த இரண்டு சொல்லால் இரண்டு உரிமையையும் நிரூபிப்பது கடினமாகிவிடுகிறது.

மூன்றாவது வழியான காத்திருப்பைச் சோம்பல் என்று தள்ளிவிட மாட்டேன். இரண்டு மூன்று மாதத்தில் வேலைக்குத் திரும்பலாம் என்று டாக்டர் சொன்னால் அதுதான் சிறந்தது. இன்னும் சிகிச்சை பாக்கியிருந்தாலும் அப்படியே, ஏனென்றால் கம்பெனியின் குழு மருத்துவக் காப்பீடு பொதுவாக விலகும் நாளோடு நின்றுவிடும். (விலகுமுன் அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பிக்கலாம். நோய் வந்தபின் புதிதாகக் காப்பீடு தேடுவதைவிட இது எவ்வளவோ மேல்.) உயிருக்கு ஆபத்தான நோய் என்றால் சொல்லவே தயங்கும் ஒரு விஷயமும் உண்டு: பணியில் இருக்கும்போது இறந்தால் வைப்பு நிதியோடு இணைந்த காப்பீட்டில் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை வரும், சந்தா நின்றிருந்தால் கடைசிச் சந்தாவிலிருந்து ஆறு மாதத்துக்குள் இறப்பு நேர்ந்திருக்க வேண்டும், பெயரும் பதிவேட்டில் இருக்க வேண்டும். ஈஎஸ்ஐயில் உள்ளவர்களுக்கும் காத்திருப்பே நல்லது. 91 நாள் வரை 70 சதவீத ஊதியமும், பட்டியலில் உள்ள நீண்டகால நோய்களுக்கு 80 சதவீதமும் அங்கிருந்து வரும்.

நண்பர் நிலை வேறு. அவருக்கு ஈஎஸ்ஐ இல்லை, சிகிச்சை முடிந்துவிட்டது, அந்த வேலைக்குத் திரும்ப முடியாது என்பதும் உறுதி. ஜூலை தாண்டினால் பணிக்கொடை அடுத்த படி ஏறுவது 2026 ஜூலையில்தான். கம்பெனியே அவரை அனுப்பட்டும் என்று காத்திருந்தால் ஆட்குறைப்பு இழப்பீடு வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அது தவறு. தொடர் நோய் காரணமாகப் பணி முடிப்பது அப்போது நடைமுறையில் இருந்த தொழில் தகராறுச் சட்டத்தில் ஆட்குறைப்பாகக் கருதப்படவில்லை.

எந்த வழியில் போனாலும் கடன் ஒன்றுதான், ஆனால் அதை முதலில் பேசுபவருக்கு மதிப்பு இருக்கிறது. பணிக்கொடையைப் பறிமுதல் செய்யச் சட்டம் சொல்லும் காரணங்கள் நிறுவனத்துக்கு ஏற்படுத்திய சேதமும் கடும் ஒழுங்கீனமும்தான். கடன் பாக்கியோ நோட்டீஸ் குறைவோ அதில் இல்லை. நண்பர் இதைச் சொல்லிச் சண்டை போடவில்லை. ராஜினாமாவோடு இன்னொரு தாளை இணைத்தார்: பணிக்கொடை வங்கிக் கணக்கில் முழுதாக வந்த ஏழு நாளுக்குள் 40,000 கட்டுகிறேன், மீதி 40,000ஐ மாதம் 5,000 வீதம் எட்டுத் தவணையில், அதற்கான காசோலைகள் இத்துடன். மடிக்கணினி, அடையாள அட்டையை யார் கொண்டுவந்து தருவார் என்பதும் அதில் இருந்தது.

பணிக்கொடையை 30 நாளுக்குள் தர வேண்டும். அவருக்குக் கெடு ஆகஸ்ட் 9, பணம் ஆகஸ்ட் 5 அன்றே வந்தது. 11ஆம் தேதி 40,000 கட்டி ரசீது வாங்கிக்கொண்டார். ரிலீவிங் கடிதத்தில் கடைசி நாள் 10.07.2025 என்று இருக்கிறதா என்று எனக்குப் படம் அனுப்பச் சொன்னேன். வைப்பு நிதித் தளத்தில் நிறுவனம் அதே தேதியைப் பதியும் வரை அவரை எதையும் தொடவிடவில்லை. விலகிய தேதியை உறுப்பினரே பதியும் "Mark Exit" வசதியை அவர் பயன்படுத்தியிருந்தால் கடைசிச் சந்தா வந்த ஏப்ரல் மாதத் தேதியைத்தான் அது ஏற்றிருக்கும், இரண்டு பதிவேட்டில் இரண்டு கடைசி நாள் ஆகியிருக்கும்.